இரண்டரை ஏக்கர் உப்புக் குட்டையில் எதை விடுவது: வனாமியா, டைகரா, கொடுவாயா, பால்மீனா?

சீர்காழிக்குக் கிழக்கே, திருமுல்லைவாசலில் கடலோடு சேரும் உப்பனாற்றை ஒட்டி என் மாமாவுக்கு இரண்டரை ஏக்கரில் ஒரு பழைய இறால் குட்டை இருக்கிறது. வெள்ளைப்புள்ளி நோய் வந்து இரண்டு முறை கையைச் சுட்டுக்கொண்ட பிறகு அப்படியே போட்டுவிட்டார். கரை ஆங்காங்கே சரிந்து, உள்ளே உமிரிச்செடி முளைத்துக் கிடந்தது. போன தை மாதம் அவருக்கு மறுபடி ஆசை வந்தது. தீவனக் கடைக்காரர் வனாமி இறால் விடச் சொன்னார். பக்கத்துப் பண்ணைக்காரர் டைகர் இறால் என்றார். மீன்வளம் பற்றிய ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தவர், "கொடுவா விட்டால் கிலோ என்ன விலை தெரியுமா மாப்ளே?" என்று என்னிடம் கேட்டார். அத்தைக்குக் கவலை வேறு. குட்டைக்கு மேற்கே வரப்பைத் தாண்டினால் இன்னொருவருடைய சம்பா வயல். அதற்கு அப்பால் பதினைந்து வீடுகளுக்கும் சேர்த்து ஒரே அடிபம்பு.

பண்ணைகளுக்குத் தண்ணீரும் மண்ணும் சோதித்துக் கொடுக்கும் வேலையில் நான் பதினோரு வருஷம் இருந்தவன். அதனால் மாமாவோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டேன். கடலோரத்தில் உவர்நீர்க் குட்டை வைத்திருக்கும் பலருக்கும் இதே கேள்வி இருப்பதால் அந்தக் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

பொதுவாக எல்லோரும் ஒப்பிடுவது விலையை. கிலோ எவ்வளவு போகும், எத்தனை டன் வரும், முடிந்தது. நான் ஒப்பிட்டது வேறு ஒன்றை: குட்டைக்குள் எவ்வளவு தீவனம் போகிறது, அதில் எவ்வளவு உடம்பாகித் திரும்பி வருகிறது, மிச்சம் எங்கே போகிறது. நோய், மின்சாரம், கடன், ஆற்றுத் தண்ணீர், கரையோர மண் எல்லாமே கடைசியில் இந்த ஒரு கேள்வியில்தான் வந்து நிற்கின்றன.

வனாமி

இது நம் கடல் இறால் இல்லை. பசிபிக் கரையிலிருந்து வந்தது. இந்தியாவில் 2009இல் அனுமதி கிடைத்து, சில ஆண்டுகளிலேயே டைகரைப் பெரும்பாலான குட்டைகளிலிருந்து வெளியேற்றிவிட்டது. காரணம் எளிது. டைகர் தரையில் ஊரும். வனாமி தண்ணீர் முழுக்க நீந்தும். அதனால் ஒரே குட்டையில் பல மடங்கு நெருக்கமாக விடலாம். நோயற்ற தாய் இறாலை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, சென்னை நீலாங்கரையில் தனிமைப்படுத்திச் சோதித்த பிறகே குஞ்சுப் பொரிப்பகங்களுக்குக் கொடுக்கிறார்கள். சதுர மீட்டருக்கு 60 குஞ்சு என்பது கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையம் வைத்த உச்சவரம்பு.

மாமாவின் இடம் ஏறக்குறைய ஒரு ஹெக்டேர், அதாவது 10,000 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 50 என்றால் 5 லட்சம் குஞ்சு. நூற்றுக்கு 80 பிழைத்து, ஒவ்வொன்றும் 20 கிராம், அதாவது கிலோவுக்கு ஐம்பது நிற்கும் 50 கவுண்ட் வந்தால் 8 டன். ஒரு கிலோ இறாலுக்கு 1.4 கிலோ தீவனம் என்று வைத்தால் 11.2 டன் தீவனம். தீவனக் கடைக்காரர் மாமாவுக்குப் போட்டுக் காட்டிய கணக்கும் இதுதான். எண்ணில் பொய் இல்லை, நன்றாகப் போனால் இது வரும்.

அவர் போடாத கணக்கு ஒன்று உண்டு. தீவனத்தில் 35 சதவீதம் புரதம். புரதத்தின் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன். ஆக 11.2 டன் தீவனத்தோடு சுமார் 630 கிலோ நைட்ரஜன் குட்டைக்குள் போகிறது. பிடித்து வெளியே எடுக்கும் 8 டன் இறாலின் உடம்பில் சுமார் 230 கிலோ இருக்கும். மிச்சம் 400 கிலோ குட்டையிலேயே தங்குகிறது. விவசாயிக்குப் புரிகிற மாதிரி சொன்னால், 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் ஏறக்குறைய 21 கிலோ நைட்ரஜன் இருக்கும். பத்தொன்பது மூட்டை யூரியாவை நான்கு மாதத்தில் இரண்டரை ஏக்கர் தண்ணீரில் கரைத்ததற்குச் சமம். கொஞ்சம் காற்றோடு போகும், கொஞ்சம் அடிச்சேற்றில் புதையும், மிச்சம் பிடிப்பு நாளில் மதகு வழியாக உப்பனாற்றுக்குப் போகும்.

போவதற்கு முன்னால் அது குட்டைக்குள்ளேயே என்ன செய்யும் என்பதைத்தான் பண்ணைக்காரர் இரவெல்லாம் விழித்திருந்து பார்க்கிறார். கழிவும் மிஞ்சிய தீவனமும் பாசியை வளர்க்கும். பாசி பகலில் ஆக்சிஜன் கொடுக்கும், ராத்திரியில் தானும் எடுத்துக்கொள்ளும். இறாலும் எடுக்கும், அடியில் அழுகும் சேறும் எடுக்கும். விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்குத்தான் ஆக்சிஜன் மிகவும் தாழ்வாக இருக்கும். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் கீழே போனால் இறால் தீனி குறைக்கும். இன்னும் இறங்கினால் ஓரத்துக்கு வந்து தண்ணீரின் மேல்மட்டத்தில் ஒதுங்கும். அதற்காகத்தான் ஏரேட்டர். 500 கிலோ இறாலுக்கு ஒரு குதிரைத்திறன் என்றால் 8 டன்னுக்கு 16 குதிரைத்திறன். முதல் நாற்பது நாள் பாதியை மட்டும் ஓட்டினாலும் மொத்தம் 20,000 யூனிட்டுக்குக் குறையாது. ஒரு கிலோ இறாலுக்கு இரண்டரை யூனிட். தொண்ணூறாம் நாளில் ராத்திரி மின்சாரம் போய், ஜெனரேட்டர் உடனே கிளம்பவில்லை என்றால், விடிவதற்குள் மொத்தமும் போய்விடும். நான் பார்த்திருக்கிறேன். டீசல் இருந்தது, பேட்டரி இறங்கியிருந்தது.

அப்புறம் நோய். வெள்ளைப்புள்ளி வந்தால் இறால் தீனியை நிறுத்தி, உடம்பு சிவந்து, பகலில் கரையோரம் ஒதுங்கும். தலை ஓட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். மூன்று நாளிலிருந்து பத்து நாளுக்குள் குட்டையே காலி. இப்போது அதைவிட அதிகமாகப் பணம் தின்பது ஈ.எச்.பி. என்கிற நுண்ணுயிரி. அது உடனே கொல்லாது. இறாலுக்குக் கல்லீரல், கணையம் இரண்டின் வேலையையும் செய்யும் உறுப்பில் உட்கார்ந்துகொண்டு வளர்ச்சியை நிறுத்தும். எழுபது நாள் ஆகியும் ஒரே குட்டையில் நாலு கிராமும் பன்னிரண்டு கிராமும் கலந்து கிடந்தால், தண்ணீர் மேல் வெள்ளைநூல் மாதிரி கழிவு மிதந்தால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும். தீவனம் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

பணக் கணக்கும் இங்கேதான் உறுத்துகிறது. தீவனம் கிலோ 90 ரூபாய் என்று வைத்தால் 11.2 டன்னுக்கு 10 லட்சம். மொத்தச் செலவில் தீவனம் சுமார் பாதி என்பதால் ஒரு போகத்துக்கு 20 லட்சம். அதில் பெரும்பகுதி கடனாக வரும் தீவனம். கடன் கொடுத்தவரிடமே அல்லது அவர் காட்டும் வியாபாரியிடமே இறாலைக் கொடுக்க வேண்டியிருக்கும். வாங்கும் நாடு கதவைச் சாத்தினாலும் அடி குட்டைக் கரையில்தான் விழும். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது கடலோரப் பண்ணைகள் இதை நேரடியாகப் பார்த்தன.

இன்னொன்றும் இருக்கிறது. வனாமிக்கு எவ்வளவு சிறிய பண்ணையானாலும் கழிவுநீரைத் தெளியவைத்துத்தான் விட வேண்டும். ஆற்று நீரை அப்படியே குட்டைக்கு ஏற்றவும் கூடாது. தனி நீர்த்தேக்கக் குட்டையில் எடுத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, நாலைந்து நாள் வைத்த பிறகே வளர்ப்புக் குட்டைக்கு விட வேண்டும். நீர்த்தேக்கத்துக்குக் கால் பங்கு, தெளிவுக் குட்டைக்குப் பத்தில் ஒரு பங்கு என்று எடுத்தால், மாமாவின் ஒரு ஹெக்டேரில் வளர்ப்புக்கு மிஞ்சுவது 0.65 ஹெக்டேர். 8 டன் கணக்கு 5.2 டன்னாகச் சுருங்குகிறது. தீவனக் கடைக்காரரின் தாளில் இரண்டரை ஏக்கரும் வளர்ப்புக் குட்டையாக இருந்தது. பல சின்னப் பண்ணைகளிலும் அப்படித்தான். அவர்கள் தெளிவுக் குட்டையைத் தியாகம் செய்கிறார்கள். அதன் விலையை ஆறு கொடுக்கிறது. ஆற்றில் இறங்கிய கிருமி அடுத்த ஏற்றத்தில் பக்கத்துப் பண்ணையின் மோட்டார் வழியாக ஏறுகிறது, பதினைந்து நாள் கழித்து அங்கிருந்து நமக்கே திரும்புகிறது. உப்பனாற்றில் எடுப்பதும் விடுவதும் ஒரே தண்ணீர்தான்.

கொடுவா

மாமாவின் கண் இதன் மேல்தான் இருந்தது. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 1997இலேயே கொடுவாயைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. நம் கடல் மீன், உள்ளூரிலேயே நல்ல விலை, இறால் நோய் தொடாது. கேட்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் கொடுவா மீன் தின்னி. 5,000 குஞ்சு விட்டு, நூற்றுக்கு 75 பிழைத்து, ஒரு கிலோ ஆக்கினால் 3.75 டன். ஒரு கிலோவுக்கு 1.8 கிலோ குச்சித் தீவனம் என்றால் 6.75 டன். அந்தத் தீவனத்தில் புரதம் 42 சதவீதம். அதே நைட்ரஜன் கணக்கைப் போட்டால் குட்டையில் மிஞ்சுவது 340 கிலோ, பதினாறு மூட்டைக்கு மேல். வனாமியில் பாதிக்கும் குறைவான விளைச்சலுக்கு ஏறக்குறைய வனாமி அளவு கழிவு! இதை நானே எதிர்பார்க்கவில்லை, கணக்கு போட்ட பிறகுதான் தெரிந்தது.

உணவுக் கணக்கும் இடிக்கிறது. ஒரு கிலோ மீன்தூள் ஆக்க நாலு, நாலரை கிலோ மத்தி, காரல் மாதிரிச் சின்ன மீன் வேண்டும். கொடுவாத் தீவனத்தில் மீன்தூள் 30 சதவீதம் என்றால், 3.75 டன் கொடுவா வளர்க்க 8, 9 டன் கடல்மீன் அரைபடுகிறது. பதினைந்து சதவீத மீன்தூள் உள்ள வனாமித் தீவனத்துக்கும் இதே கணக்கைப் போட்டேன். 8 டன் இறாலுக்குச் சுமார் ஏழு டன் மீன் போகிறது. கரையில் ஐம்பது ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் ஏழை வீட்டுக் குழம்புக்குப் போயிருக்க வேண்டிய மத்திதான் அது. வளர்ப்பு நாட்டின் மீன் உணவைப் பெருக்குகிறது என்று சொல்லும்போது இதைக் கழித்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும்.

குச்சித் தீவனம் வேண்டாம், வலையில் வரும் கழிவு மீனைப் போடலாம் என்றால் கிலோவுக்கு ஐந்து, ஆறு கிலோ ஆகும். தண்ணீரும் அழுகும். அதோடு கொடுவா தன் இனத்தையே தின்னும். குஞ்சுப் பருவத்தில் வாரம் ஒருமுறை அளவு பிரித்து வேறு வேறு வலைக்கூண்டில் விடாவிட்டால் எண்ணிக்கை பாதியாகிவிடும். ஒரு கிலோ வர எட்டு முதல் பன்னிரண்டு மாதம் ஆகும். சீர்காழிப் பக்கம் அவ்வளவு நாள் என்றால் ஐப்பசி, கார்த்திகை மழையைத் தாண்டியாக வேண்டும். உப்பனாறு கரை புரண்டால் மாமாவின் குட்டைக் கரை எத்தனை உயரம் இருந்தாலும் நம்ப முடியாது. கொடுவாயை அதோடு விட்டுவிட்டோம்.

மண் சொன்னது

டைகருக்குப் போவதற்கு முன்னால் இதைச் சொல்லியாக வேண்டும். மற்ற எல்லாத் தேர்வையும் வெட்டியது இதுதான்.

எந்தக் குட்டையும் தண்ணீரைக் கசியவிடும். எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஒரு பிளாஸ்டிக் வாளி போதும். குட்டைக்கு இடுப்பளவு தண்ணீர் ஏற்றிவிட்டு, உள்ளே ஒரு கல்லை அடுக்கி அதன் மேல் வாளியை வைக்க வேண்டும். வெளியே குட்டைத் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அதே மட்டத்துக்கு வாளிக்குள்ளும் நிரப்பிக் கோடு போட வேண்டும். வாளிக்குள் குறைவது வெயில் எடுத்தது மட்டும். வெளியே குறைவது வெயிலும் கசிவும் சேர்ந்தது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கசிவு. மழை இல்லாத மூன்று நாள் பார்த்தால் போதும்.

மாமாவின் குட்டையில் மூன்று நாளில் வாளிக்குள் 20 மில்லிமீட்டர் குறைந்தது, வெளியே 31. வித்தியாசம் 11. ஒரு நாளைக்கு நாலு மில்லிமீட்டருக்கும் குறைவு. மாமா, "இவ்வளவுதானே" என்றார். ஒரு ஹெக்டேரில் அது ஒரு நாளைக்குச் சுமார் 37,000 லிட்டர். லிட்டருக்கு 20 கிராம் உப்புள்ள தண்ணீர் என்றால் ஒவ்வொரு நாளும் 700 கிலோவுக்கு மேல் உப்பு மண்ணுக்குள் இறங்குகிறது. நான்கு மாதப் போகத்தில் எண்பது டன்னுக்கு மேல். எல்லாம் மேற்கே வயல் பக்கம்தான் போகும் என்று சொல்ல முடியாது. கிழக்கே ஆற்றுப் பக்கமும் போகும். ஆனால் பாதி போனாலே போதும். நெல்லுக்கு மண்ணின் உப்பைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினால் விளைச்சல் குறையத் தொடங்கும். குட்டைத் தண்ணீரின் அளவு 30க்கு மேல்.

கடலோரத்தில் இறாலுக்கு எதிராக எழுந்த கோபத்தின் வேர் இந்தக் கசிவில்தான் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் நாகை கடலோரத்தில் நெல் வயலை வாங்கிக் கம்பெனிகள் குட்டை வெட்டியபோது, பக்கத்து வயல் உவராகி, கிணற்றுத் தண்ணீர் கரித்து, கடலுக்குப் போகும் மீனவர் வழியை வேலி மறித்தது. காந்தியவாதி சங்கரலிங்கம் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் மக்களோடு சேர்ந்து போராடினார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த, பாரம்பரிய முறை அல்லாத இறால் பண்ணைகளை அகற்றச் சொன்னது. நாக்பூர் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் கொடுத்த அறிக்கையை வைத்து, பண்ணைகளால் வரும் வருமானத்தைவிடச் சேதம் அதிகம் என்பதையும் தீர்ப்பு பதிவு செய்தது. பிறகு 2005இல் தனிச் சட்டம் வந்தது, பண்ணைகள் பதிவுக்குள் வந்தன. நெல் நிலம், அலையாத்திக் காடு, உப்பளம் ஆகியவற்றைக் குட்டையாக மாற்றக் கூடாது. வயலுக்கும் பண்ணைக்கும் நடுவே மண்ணைப் பொறுத்து 50 முதல் 100 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் வந்தன. அந்த இடைவெளி ஏதோ அலுவலகத்துக் கட்டுப்பாடு என்று நினைப்பவர்கள் வாளியை வைத்துப் பார்க்கலாம்.

மாமாவின் குட்டைக்கும் வயலுக்கும் நடுவே இருந்தது வரப்போடு சேர்த்து பன்னிரண்டு மீட்டர். எனவே மேற்கு ஓரத்தில் குட்டையையே சுருக்குவது என்று முடிவெடுத்தோம். கால் ஏக்கருக்கு மேல் விட்டுக்கொடுத்து, அதில் ஒரு வடிகால் வாய்க்கால் வெட்டினோம். அதன் அடி, குட்டையின் அடியைவிட ஒரு முழம் ஆழம். கசியும் உப்புத் தண்ணீர் வயலுக்குப் போகாமல் வாய்க்காலில் ஊறி நிற்கும், அங்கிருந்து மோட்டார் வைத்துத் திரும்பக் குட்டைக்கே ஏற்றிவிடலாம். மேற்குக் கரையின் நடுவே பள்ளம் வெட்டி, களிமண்ணை ஈரமாகப் போட்டு அடுக்கடுக்காக மிதித்து நிரப்பினோம். மறுபடி வாளி வைத்தபோது வித்தியாசம் மூன்று நாளில் 4 மில்லிமீட்டராக இறங்கியிருந்தது. இதெல்லாம் செய்தும் 50 மீட்டர் வராது என்பதை வயல்காரரிடம் மறைக்கவில்லை. அவர் வயலில் மூன்று இடத்தில் மண் எடுத்து, ஆரம்ப அளவை ஒரு நோட்டில் எழுதி, அவர் கையிலும் ஒரு படி கொடுத்தோம். பதிவுக்குப் போகும்போது இடைவெளியைப் பற்றி அதிகாரி என்ன சொல்கிறாரோ அதற்குக் கட்டுப்படுவது, அவர் கூடாது என்றால் குட்டையில் எதுவும் விடுவதில்லை என்றும் பேசிக்கொண்டோம்.

மண்ணே மணல் கலந்ததாக இருந்து, பிடித்து உருட்டினால் உருண்டை நிற்காமல் உதிர்ந்தால், பிளாஸ்டிக் விரிப்பு போடாமல் அந்த இடத்தில் எந்த உவர்நீர் வளர்ப்பும் செய்யக் கூடாது என்பது என் எண்ணம். டைகரும் கூடாது, பால்மீனும் கூடாது.

டைகரும் பால்மீனும் சேர்ந்து

1994, 95இல் வெள்ளைப்புள்ளி வந்தபோது டைகர்தான் செத்தது. அதனால் டைகர் என்றாலே பழைய ஆட்களுக்குப் பயம். ஆனால் செத்தது டைகர் என்பதால் மட்டும் இல்லை. கடலில் பிடித்த தாய் இறாலிடமிருந்து குஞ்சிலேயே கிருமி வந்தது, அதை நெருக்கிப் போட்டார்கள், ஒரே ஆற்றுத் தண்ணீரை மாற்றி மாற்றி ஏற்றினார்கள். இப்போது வளர்ப்பிலேயே உருவாக்கிய நோயற்ற டைகர் தாய் இறால் வந்துவிட்டது. பி.சி.ஆர். சோதனை செய்த குஞ்சை மட்டும் வாங்கி, அளவாக விட்டால் நிலைமை வேறு.

சதுர மீட்டருக்கு 3 குஞ்சு. ஹெக்டேருக்கு 30,000. நூற்றுக்கு 70 பிழைத்து 30 கிராம் வந்தால் 630 கிலோ. அதோடு 1,200 பால்மீன் குஞ்சு. பால்மீன் அடிப்பாசியை மேய்ந்து, இறால் விட்ட தீவனத் துகளையும் எடுத்துக்கொள்ளும். அதற்கென்று தனியாகத் தீவனம் வேண்டாம். ஆயிரம் பிழைத்து 400 கிராம் வந்தால் மேலும் 400 கிலோ. மொத்தம் ஏறக்குறைய ஒரு டன். தீவனம் 800 கிலோவுக்குள் முடிந்துவிடும். வெறும் டைகரையே சதுர மீட்டருக்கு 5 விட்டு ஒரு டன் எடுத்தாலும் குட்டையில் மிஞ்சும் நைட்ரஜன் இரண்டு மூட்டை யூரியா அளவுதான். பால்மீன் சேரும்போது அதிலும் குறையும். ஏரேட்டர் இரண்டு போதும், விடியற்காலையில் மட்டும். மின்சாரம் போனால் தூக்கம் போகாது.

வனாமியின் 8 டன்னுக்கு முன்னால் ஒரு டன் சின்னதாகத் தெரியும். மாமாவும் அதைத்தான் முதலில் சொன்னார். ஆனால் செலவு 20 லட்சம் இல்லை, மூன்று நான்கு லட்சத்துக்குள். ஐம்பதாம் நாளில் வெள்ளைப்புள்ளி வந்தால் வனாமியில் அதற்குள் ஏழெட்டு லட்சம் உள்ளே இறங்கியிருக்கும், கடனாக. இங்கே ஒரு லட்சத்துச் சொச்சம், அதுவும் கைக்காசு. பால்மீனுக்கு அந்த நோய் வராது என்பதால் அது நிற்கும். பெரிய டைகருக்கு விலையும் வனாமியைவிடக் கூடுதலாகவே கிடைத்து வருகிறது. பால்மீன் உள்ளூர்ச் சந்தையிலேயே விற்றுப்போகும். மாமாவின் வயதில் ஒரு போகம் நஷ்டமானாலும் அடுத்த போகம் வைக்க நிலம் மிஞ்ச வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது.

பால்மீனை மட்டும் தனியாக, தீவனம் போட்டு வளர்ப்பதையும் பார்த்தோம். 8,000 குஞ்சு விட்டு, நூற்றுக்கு 85 பிழைத்து, அரைக் கிலோ ஆக்கினால் 3.4 டன், மிச்சக் கழிவு ஆறு மூட்டை. ஊர்ச் சாப்பாட்டுக்கு மீன் வேண்டும் என்பதே நோக்கமானால் நான்கில் இதுதான் நல்ல தேர்வு. தீவனத்தில் மீன்தூளும் மிகக் குறைவாகப் போதும், புண்ணாக்கும் தவிடுமே பெரும்பகுதி. முள் அதிகம் என்பதால் சந்தையில் விலை ஏறாது, அதுதான் குறை. மத்திய உவர்நீர் நிறுவனம் 2015இல் பால்மீனைப் பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்ய வைத்த பிறகு குஞ்சு முன்னைவிட எளிதாகக் கிடைக்கிறது. கழிமுகத்தில் கொசுவலையால் குஞ்சு வாரி விற்பவர்களிடம் வாங்கக் கூடாது என்று மாமாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். அந்த வலையில் ஒரு பால்மீன் குஞ்சோடு மடவை, இறால், நண்டு என்று எத்தனையோ குஞ்சுகள் வந்து, மணலிலேயே காய்ந்துபோகும்.

வனாமி எங்குமே கூடாது என்று நான் சொல்லவில்லை. நல்ல களிமண், வயலும் குடிநீரும் தள்ளி இருக்கும் இடம், பத்துப் பதினைந்து ஏக்கர் சேர்ந்தாற்போல், நீர்த்தேக்கமும் தெளிவுக் குட்டையும் வெட்டிய பிறகும் வளர்ப்புக்குப் போதிய இடம் மிஞ்சும் என்றால் அங்கே வனாமியைச் சரியாகச் செய்ய முடியும். பல சின்னக் குட்டைக்காரர்கள் சேர்ந்து ஒரே தெளிவுக் குட்டை வைத்தாலும் முடியும். இரண்டரை ஏக்கர், பக்கத்தில் சம்பா, பின்னால் அடிபம்பு என்ற இடத்தில்தான் அது பொருந்தவில்லை.

பிடிப்பு நாள்

குறைந்த அளவில் விட்டாலும் ஆற்றுக்குத் தீங்கு செய்யக்கூடிய நாள் ஒன்று உண்டு. குட்டையை வடிக்கும் நாள். ஒரு ஹெக்டேரில் 1.2 மீட்டர் தண்ணீர் என்றால் ஒரு கோடியே இருபது லட்சம் லிட்டர். அதில் மேல்மட்டத் தண்ணீர் ஓரளவு தெளிவாகத்தான் போகும். கடைசியில் போகும் ஐந்தில் ஒரு பங்குதான் கருப்பாக, அடிச்சேற்றைக் கலக்கிக்கொண்டு, அழுகிய முட்டை நாற்றத்தோடு வரும். மொத்தக் கழிவில் பெரும்பகுதி அதில்தான் இருக்கும். அதை மட்டும் தனியாகப் பிடித்து வைத்தாலே பாதி வேலை முடிந்தது. மாமாவின் குட்டையில் தென்கிழக்கு மூலையில் ஒரு சின்னத் தெளிவுக் குட்டை வெட்டி, மதகுப் பலகையை மேலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பது என்று வைத்துக்கொண்டோம். கடைசிப் பலகைக்கு வரும் தண்ணீரை ஆற்றுக்கு விடாமல் மோட்டாரில் தெளிவுக் குட்டைக்கு ஏற்றி, மூன்று நாள் நிற்கவிட்டு மேல் தண்ணீரை மட்டும் விட வேண்டும். நோய் வந்து செத்திருந்தால் ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது. மதகை அடைத்து, பிளீச்சிங் போட்டு, செத்ததை எடுத்துச் சுண்ணாம்போடு புதைக்க வேண்டும். காக்கைகள் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்துக் குட்டையில் போடாதபடி மேலே நூல் கட்ட வேண்டும்.

மாசியில் விட்டு ஆனியில் பிடிப்பது, ஒரே போகம் என்று மாமா ஒப்புக்கொண்டார். அப்புறம் குட்டையை வடித்து, அடி பாளம் பாளமாக வெடிக்கும்வரை காயவிட்டு, மழைக்காலத்தில் மழைநீரால் நிரம்பட்டும் என்று விட்டுவிடுவது. உப்பனாறு நன்னீராக ஓடும் அந்த மூன்று மாதத்தில் வடிகால் வாய்க்காலும் கழுவப்படும். பதிவுக்கு வேண்டிய வரைபடம், பட்டா நகல், ஆற்றிலிருந்து தூரம் எல்லாம் எடுத்துக் கொடுத்தாயிற்று.

அடிபம்பை அத்தை எடுத்துக்கொண்டார். உப்பு பார்க்கும் சின்ன மீட்டர் ஒன்றை அவரிடம் கொடுத்திருக்கிறேன். மாதம் முதல் தேதி காலையில் பத்துக் குடம் அடித்த பிறகு ஒரு டம்ளர் பிடித்து அளந்து, அடுப்படிக் காலண்டரில் எழுதுகிறார். மண்ணுக்குச் சொன்ன அதே கடத்துத்திறன் அளவில், தையில் 0.9. மாசியில் 0.9. பங்குனியில் 1.0. குட்டையில் தண்ணீர் இருக்கும்போது இது 1.5 தொட்டால், பிடிப்புக்கு எத்தனை நாள் மிச்சம் இருந்தாலும் மதகைத் திறப்பது என்று மாமா அத்தையிடம் சொல்லியிருக்கிறார்.